தாய்மாமன் கல்யாணம் சரியா? வகுப்பில் யாரும் பதில் எழுதாத கேள்வி

முதலாண்டு மாணவர்களுக்கு அறவியல் பாடம் தொடங்கும் அன்று நான் கரும்பலகையில் எந்த வரையறையும் எழுதுவதில்லை. ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுத்து, "தாய்மாமனைக் கல்யாணம் செய்துகொள்வது சரியா, தப்பா? இரண்டு மூன்று வரி போதும், பெயர் போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இந்தக் கேள்வியை எடுத்ததற்குக் காரணம், வகுப்பில் பலருக்குச் சொந்தத்திலேயே அப்படி ஒரு கல்யாணம் நடந்திருக்கும், சிலருடைய அம்மா அப்பாவே அப்படித்தான் இருப்பார்கள், அதனால் எல்லோரிடமும் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

தாள்களை வாங்கிப் படித்தால் வருஷா வருஷம் அதே ஐந்து பதில்கள்தான் மாறி மாறி வருகின்றன. "எங்க பக்கம் காலங்காலமா வழக்கம், எங்க பாட்டியே தாய்மாமனைத்தான் கட்டினாங்க." "சட்டம் அனுமதிக்குது, சட்டப்படி சரிதான்." "வட இந்தியாவுல இதைக் கேட்டாலே முகம் சுளிப்பாங்க, அங்க இது பாவம்." "சொந்தத்துல கட்டினா குழந்தைக்குக் குறை வரும்னு டாக்டருங்க சொல்றாங்க." கடைசியாக, பெரும்பாலும் பெண்களிடமிருந்து, "தூக்கி வளர்த்தவரைப் போய் எப்படிக் கட்டிக்கிறது, எனக்கு அருவருப்பா இருக்கு."

எல்லாம் நல்ல பதில்கள். தகவலாக எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் கேட்ட கேள்விக்கு இந்த ஐந்தில் ஒன்றுகூடப் பதில் இல்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் சலசலப்பு வரும். போன வருஷம் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "சார், சரியா தப்பான்னுதானே கேட்டீங்க, சட்டப்படி சரின்னு எழுதிருக்கேன், இதுக்கு மேல என்ன பதில்?" என்றான். நியாயமான கோபம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

ஒழுக்கத்தைப் பற்றி நாம் பேசும் வாக்கியங்கள் இரண்டு வகை. முதல் வகை, மக்கள் என்ன செய்கிறார்கள், எதைச் சரி என்று நினைக்கிறார்கள், எதைச் சட்டம் தடுக்கிறது, எதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்வது. இதை விவரணைக் கூற்று என்போம். இரண்டாவது வகை, என்ன செய்ய வேண்டும், எது உண்மையிலேயே சரி, எது கூடாது என்று சொல்வது. இது நெறிசார் கூற்று. பரீட்சைக்கு இந்தப் பெயர்கள் போதும், ஆனால் எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்குப் பெயர் உதவாது, ஒரு சோதனை வேண்டும்.

சோதனை இது. ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்மாமன் கல்யாணத்தை ஆதரிப்பவர் ஒருவர், அதை அடியோடு வெறுப்பவர் ஒருவர், இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டுங்கள். இரண்டு பேருமே தங்கள் நிலையைத் துளியும் விட்டுக்கொடுக்காமல் தலையாட்ட முடிந்தால் அது விவரணை. "தமிழ்நாட்டில் பல சமூகங்களில் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் உண்டு" என்றால் ஆதரிப்பவரும் ஆமாம் என்பார், எதிர்ப்பவரும் "ஆமாம், அதைத்தானே நிறுத்தச் சொல்கிறேன்" என்பார். "அக்கா மகளைக் கட்டுவதில் தப்பில்லை" என்று சொல்லிப் பாருங்கள், ஒருவர் தலையாட்டினால் மற்றவர் ஆட்ட முடியாது. இப்போது அந்த ஐந்து பதில்களையும் இந்தச் சோதனையில் போடுங்கள். வழக்கம், சட்டம், வட இந்தியர் கருத்து, டாக்டர் சொல்வது, எனக்கு வரும் அருவருப்பு, எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் தலையாட்டலாம். "உனக்கு அருவருப்பா இருக்கா? சரி, இருக்கட்டும். எனக்குப் பாகற்காய் கூடத்தான் பிடிக்காது" என்று எதிராளி சொல்லிவிட்டுப் போகலாம்.

மாணவர்கள் வழுக்குவது எங்கே என்றால், விவரணைக் கூற்றுக்குள் பாவம், தப்பு, நியாயம் போன்ற சொற்கள் வரக்கூடும். "வட இந்திய இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் இது பாவம்" என்ற வாக்கியத்தில் பாவம் என்ற சொல் இருப்பதால் அது அறத் தீர்ப்பு என்று தோன்றும். ஆனால் சொல்பவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை, அங்கே உள்ளவர்களின் தீர்ப்பைத் தூக்கிவந்து நம்மிடம் காட்டுகிறார். "அவன் என்னைத் திருடன்னு சொன்னான்" என்று நான் சொன்னால் நான் திருடன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகுமா? அதே கதைதான். சட்டமும் இப்படித்தான். சட்டத்தின் உள்ளே இருப்பது முழுக்க "செய்யக் கூடாது", "செய்தால் தண்டனை" என்ற வகைப் பேச்சு. ஆனால் "சட்டம் இப்படிச் சொல்கிறது" என்ற வாக்கியம் வெறும் தகவல், சட்டப் புத்தகத்தைத் திறந்தால் முடிந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விவரணை என்றால் உண்மை, நெறிசார் கூற்று என்றால் அவரவர் சொந்தக் கருத்து என்று பலர் குறிப்பேட்டில் எழுதிவைத்திருப்பார்கள். இரண்டுமே தவறு. "தமிழ்நாட்டில் இப்போது யாருமே சொந்தத்தில் கட்டுவதில்லை" என்பது விவரணைக் கூற்று, ஆனால் பொய். "பொழுதுபோக்குக்காகக் குழந்தைக்குச் சூடு வைக்கக் கூடாது" என்பது நெறிசார் கூற்று, அதை எனக்கு ஸ்ட்ராங் காபிதான் பிடிக்கும் என்பதைப் போன்ற ஒரு சொந்த விருப்பமாகச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். அது எந்த அடிப்படையில் உண்மை என்பது பெரிய சண்டை, மூன்றாம் ஆண்டு வரை நீளும், இப்போதைக்கு விடுங்கள்.

தமிழில் இந்தப் பிரிவு கூடுதலாகக் குழம்புவதற்கு நம் மொழியே ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முறை என்ற ஒரு சொல்லைப் பாருங்கள். "எங்களுக்குள்ள என்ன முறை?" என்று கேட்டால் உறவு என்ன என்று கேட்கிறோம். முறைப்பொண்ணு, முறைப்பையன் என்றால் கட்டிக்கொள்ள வழக்கம் இடம் தரும் உறவு. "இது முறையில்லை" என்றால் இது தப்பு. உறவு, வழக்கம், நியாயம் மூன்றையும் ஒரே சொல் சுமக்கிறது. முறைப்பொண்ணு என்று சொன்ன மாத்திரத்திலேயே கல்யாணம் முறைதான் என்று பாதி வாதம் முடிந்துபோகிறது, யாரும் எதையும் நிரூபிக்காமலே.

வினைச்சொல்லும் அப்படியே ஏமாற்றும். "கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டணும்" என்பதில் ணும் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த நண்பருக்கு ஊர் நடப்பைச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், கடவுள் நம்பிக்கையே இல்லாதவராக இருந்தாலும், இதைச் சொல்லலாம். அவர் வாயில் இது விவரணை, இங்கே இப்படி ஒரு விதி இருக்கிறது என்ற தகவல். அதையே பாட்டி பேரனிடம் சொன்னால் நெறி. எதிர்ப்பக்கமும் உண்டு: "நம்ம வீட்டுப் பொண்ணுங்க இந்த நேரத்துக்கு வெளிய போகமாட்டாங்க." கேட்பதற்கு வீட்டுப் பெண்களின் நடமாட்டம் பற்றிய புள்ளிவிவரம் மாதிரி இருக்கும். ஆனால் ஒன்பது மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும் மகளிடம் அப்பா இதைச் சொன்னால் அது என்ன என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால் ணும், கூடாது, மாட்டாங்க என்று வினைமுற்றைப் பார்த்து வகை பிரிக்கப் பழகாதீர்கள், யார் யாரிடம் எதற்காகச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

சரி, அந்த ஐந்து பதில்களுக்குத் திரும்புவோம். அவை வீண் என்று நான் சொல்லவில்லை. தனியாக நின்று தீர்ப்பு ஆகாது என்றுதான் சொல்கிறேன். இதை முதலில் தெளிவாகச் சுட்டிக்காட்டியவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி, மனித இயல்பைப் பற்றிய தன் நூலின் 1740இல் வெளிவந்த பகுதியில், ஏதோ போகிறபோக்கில் சேர்த்தது போல ஒரே ஒரு பத்தி எழுதினார். ஒழுக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் முதலில் கடவுள் இப்படி இருக்கிறார், மனிதர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று "இருக்கிறது, இல்லை" என்றே எழுதிக்கொண்டு வருகிறார்கள், திடீரென்று பார்த்தால் வாக்கியங்கள் எல்லாம் "வேண்டும், கூடாது" என்று மாறிவிட்டிருக்கின்றன, அந்த மாற்றம் கண்ணுக்கே தெரிவதில்லை, ஆனால் விஷயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

அந்தக் காரணத்தை நாமே தேடிப் பார்க்கலாம். முதல் பதிலை முழு வாதமாக எழுதினால், எங்கள் பக்கம் இது வழக்கம், ஆகவே இது சரி. நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது. எந்தப் படி இருந்தால் இது முடிவுக்கு வரும்? "காலங்காலமாக வழக்கத்தில் உள்ளது எல்லாம் சரி" என்ற படி. அது நெறிசார் கூற்று, அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மறைவாக வைத்துத்தான் வாதம் ஓடுகிறது. அதை வெளியே இழுத்து வெளிச்சத்தில் வைத்தவுடனே கேள்வி வரும்: டீக்கடையில் சிலருக்குத் தனி டம்ளர் வைத்ததும் பல ஊர்களில் காலங்காலமான வழக்கம்தானே, அது சரியா? வழக்கம் என்று எழுதிய மாணவர்களில் ஒருவர்கூட இதற்கு ஆமாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியென்றால் அவர்களே அந்தப் படியை நம்பவில்லை. "தீங்கு இல்லாத வழக்கம் எல்லாம் சரி" என்று திருத்துவார்கள். நல்லது, இப்போது பேச்சு உண்மையான இடத்துக்கு வந்துவிட்டது, தாய்மாமன் கல்யாணத்தில் யாருக்காவது தீங்கு இருக்கிறதா, எது தீங்கு என்று பேச வேண்டும். பாட்டி யாரைக் கட்டினார் என்பது அதற்கு அப்புறம் பெரிதாக உதவாது.

சட்டம் என்ற இரண்டாவது பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் நாம் வெளியே இழுத்துப் பார்த்த அந்த மறைந்த படியைப் பாராளுமன்றம் எழுத்திலேயே வைத்திருக்கிறது. 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். தாய்மாமனும் அக்கா மகளும், அத்தையும் அண்ணன் மகனும், அண்ணன் தங்கை பிள்ளைகளும் எல்லாம் தடை செய்யப்பட்ட உறவு என்று 3ஆம் பிரிவு வரையறுக்கிறது. அந்த உறவுக்குள் கல்யாணம் கூடாது என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் தமிழ்நாட்டில் நடக்கும் இத்தனை கல்யாணங்களும் செல்லாதா? செல்லும், ஏனென்றால் அதே பிரிவில், இருவருடைய வழக்கமும் அனுமதித்தால் தவிர என்று ஒரு விலக்கு இருக்கிறது. ஊரில் என்ன நடக்கிறது என்ற வெறும் தகவலைச் "செய்யலாம்" என்ற அனுமதியாக மாற்றும் பாலம் இந்த ஒரு வரி. வழக்கம் தானாகவே அனுமதி ஆகிவிடவில்லை, ஆகட்டும் என்று யாரோ முடிவெடுத்து எழுதியிருக்கிறார்கள்.

அதோடு நிற்கவும் இல்லை. எது வழக்கம் என்பதற்கு அதே சட்டம் ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: நீண்ட காலமாக, தொடர்ச்சியாக, ஒரே சீராகப் பின்பற்றப்பட்டிருக்க வேண்டும், நிச்சயமானதாக இருக்க வேண்டும், அதோடு நியாயமற்றதாகவோ பொது நலக் கொள்கைக்கு எதிரானதாகவோ இருக்கக் கூடாது. இதில் முதல் பாதி விவரணை, நீதிமன்றத்தில் ஊர்ப் பெரியவர்களைக் கூண்டில் ஏற்றி, "உங்க சமூகத்துல இப்படி எத்தனை கல்யாணம் நடந்திருக்கு, யார் யாருக்கு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நியாயமற்றதாக இருக்கக் கூடாது என்ற பாதியை எந்தச் சாட்சியும் நிரூபிக்க முடியாது, நீதிபதிதான் எடைபோட வேண்டும். ஆக, சட்டம் அனுமதிக்கிறது என்று எழுதிய பையனிடம் நான் சொன்னது, "தம்பி, நீ யாரைச் சாட்சிக்குக் கூப்பிட்டாயோ அவரே உன் கேள்வியை இன்னொருத்தரிடம் தள்ளிவிட்டிருக்கார், பார்." சட்டம் வழக்கத்தைக் கேட்கச் சொல்கிறது, வழக்கம் நியாயமா என்றும் கேட்கச் சொல்கிறது. அந்தக் கடைசிக் கேள்விதான் நான் துண்டுத் தாளில் கேட்டது.

டாக்டர் பதில் இதைவிட வலுவாகத் தெரியும், அறிவியல் என்று வந்துவிட்டதல்லவா. அதன் தகவல் பகுதி சரிதான். தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுக்களில் சராசரியாகக் கால் பங்கு பொதுவாக இருக்கும், மாமன் மகளோடு என்றால் அரைக்கால் பங்கு. பொதுப் பங்கு கூடக் கூட, ஒரே குறையுள்ள மரபணு அப்பா அம்மா இருவரிடமிருந்தும் குழந்தைக்கு வந்து சேரும் வாய்ப்பும் கூடும். ஆனால் ஆபத்து கூடுகிறது என்பதிலிருந்து கல்யாணம் கூடாது என்பதற்குப் போக இங்கேயும் ஒரு படி வேண்டும்: குழந்தைக்கு ஆபத்தைக் கூட்டும் எதையும் செய்யக் கூடாது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், வயது கூடிய பிறகு பிள்ளை பெறுவதும் கூடாது, ஏனென்றால் தாயின் வயது கூடும்போது டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பும் கூடுகிறது. நாற்பது வயதில் பிள்ளை பெற்ற உங்கள் சித்தியை யாராவது ஒழுக்கம் தவறியவர் என்று சொல்வார்களா? அப்போது எவ்வளவு ஆபத்து, யார் ஒப்புக்கொண்டு ஏற்ற ஆபத்து, பிள்ளையே வேண்டாம் என்று முடிவெடுத்த தம்பதிக்கு இது பொருந்துமா என்றெல்லாம் படியைச் செதுக்க வேண்டிவரும். மரபியல் இதில் கணக்கைக் கொடுக்கும், எவ்வளவு ஆனால் அதிகம் என்று சொல்லாது.

இதற்காக, தகவலே தேவையில்லை, அறம் தனி உலகம் என்று போய்விடாதீர்கள். அக்கா மகள் கல்யாணத்தைப் பற்றி யோசிக்கிற ஒருவருக்கு, அந்தப் பெண்ணிடம் யாராவது சம்மதம் கேட்டார்களா, மறுத்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும், அவளுக்கு என்ன வயது என்பதெல்லாம் தெரியாமல் எந்தத் தீர்ப்பும் சொல்ல முடியாது. அதெல்லாம் தகவல்தான். தகவல் இல்லாமல் தீர்ப்பு வராது, தகவல் மட்டும் வைத்தும் வராது.

மூன்றாவது பதிலுக்கு, அதாவது வட இந்தியாவில் இது பாவம் என்பதற்கு, ஒரு வால் உண்டு. துண்டுத் தாளில் எழுதமாட்டார்கள், பேசும்போது வரும்: "அதனால ஊருக்கு ஊர் ஒழுக்கம் மாறும் சார், யாரையும் தப்புன்னு சொல்லக் கூடாது." முன்பாதி உண்மை, அதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஒரே தெருவில் ஓர் இந்துக் குடும்பமும் ஒரு முஸ்லிம் குடும்பமும் இருந்தால் போதும். இந்துக் குடும்பத்தில் அக்கா மகளைக் கட்டலாம், சித்தப்பா மகள் தங்கச்சி, அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. முஸ்லிம் குடும்பத்தில் சித்தப்பா மகளைக் கட்டலாம், அக்கா மகள் மணக்கவே கூடாதவள். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாறிக் கிடக்கிறது.

ஆனால் "அதனால யாரையும் தப்புன்னு சொல்லக் கூடாது" என்ற பின்பாதியைக் கவனியுங்கள், அதில் ஒரு கூடாது இருக்கிறது. அது எந்த ஊருக்கு? எல்லா ஊருக்கும், எல்லோருக்கும். ஊருக்கு ஊர் மாறாத ஒழுக்கம் எதுவும் இல்லை என்று தொடங்கியவர், ஊருக்கு ஊர் மாறாத ஒரு விதியோடு முடிக்கிறார். பிறர் வழக்கத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்பது நல்ல கொள்கையாக இருக்கலாம், எனக்கும் பெரிய அளவில் உடன்பாடுதான். ஆனால் அதற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கங்கள் வேறுபடுகின்றன என்பதிலிருந்து அது தானாக விழாது. வேறுபடுகின்றன என்பதிலிருந்து, ஏதோ ஒரு பக்கம் தப்பாக இருக்கிறது என்றும் முடிவு கட்டலாம். இரண்டுக்கும் இடையில் அந்தத் தகவல் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறது.

இந்தப் பிரிவு வகுப்பறைக்கு வெளியே எவ்வளவு தூரம் போகிறது என்று காட்ட ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்று ஒன்று மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக நடத்தப்படுகிறது, ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதில் ஒரு கேள்வி, உங்கள் கருத்தில் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று ஏழு சூழ்நிலைகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது: சொல்லாமல் வெளியே போனால், வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காவிட்டால், எதிர்த்துப் பேசினால், உறவுக்கு மறுத்தால், ஒழுங்காகச் சமைக்காவிட்டால், நடத்தையில் சந்தேகம் வந்தால், மாமனார் மாமியாருக்கு மரியாதை தராவிட்டால். ஏழில் ஒன்றுக்காவது நியாயம் என்று சொன்ன பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம்.

இந்த எண் செய்தியில் வந்தபோது எனக்குத் தெரிந்த குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒரு பெரியவர், "பெண்களே ஒத்துக்கொள்கிறார்கள், பிறகு என்ன?" என்று போட்டார். அதே குழுவில் அவர் மருமகள், இப்படி எல்லாம் கேள்வி கேட்பதே அரசாங்கம் அடிப்பதை ஆதரிப்பது மாதிரி இருக்கிறது என்று பதில் போட்டார். இரண்டு பேரும் ஒரே வழுக்கலில் இரண்டு பக்கமாக விழுந்திருக்கிறார்கள். 45 சதவீதம் பேர் நியாயம் என்று சொன்னார்கள் என்பது விவரணை. அது 95 ஆனாலும் அடிப்பது நியாயம் ஆகாது, 5 ஆக இருந்தாலும் அதனால் மட்டும் அது தப்பு ஆகாது. தப்பு என்பதற்கான காரணங்கள் அந்தப் பெண்ணின் உடம்பிலும் பயத்திலும் இருக்கின்றன. அதேபோல, கணக்கெடுப்பவர் கேட்டதாலும் எழுதிக்கொண்டதாலும் அவர் எதையும் ஆதரித்துவிடவில்லை. எத்தனை பேர் இப்படி நினைக்கிறார்கள் என்று தெரியாமல் அதை மாற்ற விரும்புபவர்கள் எங்கிருந்து தொடங்குவார்கள்?

ஆனால் இந்த எண்ணில் இன்னும் நுணுக்கமான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது, எனக்கு இதைப் படித்தபோது கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. நியாயமா என்று கேட்டபோது பதில் சொன்ன பெண்ணே அந்தக் கேள்வியை எந்த வகையாகப் புரிந்துகொண்டார்? மாமியாருக்கு மரியாதை தராவிட்டால் அடிப்பது நியாயமா என்று, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கிறார். "ஆமா, அதுக்கு அடிப்பாங்கதான்" என்று ஒரு பெண் சொன்னால், அவர் தன் தீர்ப்பைச் சொல்கிறாரா, ஊரில் இது நியாயமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்ற தகவலைச் சொல்கிறாரா? படிவத்தில் இரண்டுமே ஆம் என்றுதான் விழும். வங்கதேசக் கிராமங்களில் இதே மாதிரிக் கேள்வியை வைத்துப் பெண்களோடு நிதானமாகப் பேசிப் பார்த்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது, ஷூலர், ஃபர்சானா இஸ்லாம் என்ற இருவர் செய்தது. படிவத்தின் ஆம் என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் பெண்கள் நினைப்பது அவ்வளவு நேராக இல்லை, ஊர் நடப்பும் சொந்தக் கருத்தும் அதில் கலந்து கிடக்கின்றன என்பதுதான் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. அதாவது, மக்கள் எதைச் சரி என்று நினைக்கிறார்கள் என்ற எளிமையாகத் தோன்றும் விவரணைக் கூற்றைச் சரியாகச் சொல்வதற்கே, கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் இந்தப் பிரிவு தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது. "உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?" என்று ஒரு கேள்வி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று தனியாக இன்னொரு கேள்வி, இரண்டும் வேண்டும்.

கடைசியாக, வீட்டில் பயன்படும் ஒரு விஷயம். ஒரு சண்டை தகவலைப் பற்றியதா, நெறியைப் பற்றியதா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: அந்தத் தகவல் வேறு மாதிரி இருந்தால் உங்கள் முடிவு மாறுமா? என் மாணவன் ஒருவன் இதை அவன் அம்மாவிடம் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். தங்கச்சிக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்திருக்கிறது, அம்மா விடுதியில் சேர்க்கமாட்டேன் என்கிறார்.

"ஏம்மா வேணாங்குற?"

"பாதுகாப்பு இல்லடா. பேப்பர்ல தினம் என்னென்னமோ வருது."

அவன் விடுதிக்குப் போய்ப் பார்த்தான். ஏழு மணிக்குக் கேட் பூட்டு, வார்டன் உள்ளேயே குடியிருக்கிறார், ஏற்கெனவே தங்கியிருக்கும் அவர்கள் ஊர்ப் பெண் இரண்டு பேரின் அம்மாக்களிடம் போனில் பேசவும் வைத்தான்.

"சரி, பாதுகாப்பாதான் இருக்கு போல."

"அப்ப சேர்த்துடலாமா?"

"வேணாம். வயசுப் பொண்ணை வெளியூர்ல விட்டுட்டு, நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"பேசமாட்டாங்கம்மா, அந்த ரெண்டு அக்காவைப் பத்தி யாராவது பேசுறாங்களா?"

அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லையாம். அப்புறம், "பொண்ணுன்னா வீட்லதான்டா இருக்கணும்" என்றாராம்.

தொடக்கத்திலிருந்து வாதம் அந்த ஒரு வரியில்தான் நின்றிருக்கிறது, பாதுகாப்பும் நாலு பேரும் அதற்கு முன்னால் நிறுத்திவைத்த காவல்காரர்கள். இரண்டு தகவலும் மாறின, முடிவு மாறவில்லை. இதைக் கண்டுபிடித்துவிட்டதால் அவன் ஜெயித்துவிடவில்லை, தங்கச்சி இன்னும் சேரவில்லை. ஆனால் இனிமேல் விடுதிக் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று பேசுவதில் பயனில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஏம்மா, பொண்ணுன்னா ஏன் வீட்லதான் இருக்கணும்?" என்று கேட்டேன் சார் என்றான். அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதுதான்டா முறை"ன்னாங்க சார் என்றான்.